ஆர்எஸ்ஐ குறைந்தால் விற்கலாமா?

சந்தாபுராவில் குடியிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், 2024 மார்ச்சில் நிஃப்டியின் தினசரி சார்ட்டைக் காட்டி, "டைவர்ஜென்ஸ் வந்துவிட்டது, ஃபண்டை விற்றுவிடலாமா?" என்று கேட்டார். அவர் கண்டது சரிதான். 2023 டிசம்பரில் நிஃப்டி 21,500ஐ நெருங்கியபோது ஆர்எஸ்ஐ 80ஐத் தாண்டியிருந்தது. மார்ச் 7 அன்று நிஃப்டி 22,493இல் முடிந்து புதிய உச்சம் தொட்டபோது, ஆர்எஸ்ஐ 80க்கு வெகு கீழே இருந்தது. விலை ஏறுகிறது, வேகம் இறங்குகிறது.

இதை எடைபோட, ஆர்எஸ்ஐ எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 1978இல் வெல்ஸ் வைல்டர் வகுத்த இந்தக் கணக்கு, வழக்கமாக 14 நாட்களின் ஏற்றச் சராசரியை, ஏற்ற, இறக்கச் சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குகிறது. ஓர் உதாரணம்: சராசரி ஏற்றம் 90 புள்ளி, இறக்கம் 20 என்றால் ஆர்எஸ்ஐ 82. பிறகு ஏற்றம் 60, இறக்கம் 35 ஆனால் 63. பெரிய சரிவுபோலத் தெரியும். ஆனால் இரண்டாவது கட்டத்திலும் சந்தை நாளுக்குச் சராசரியாக 25 புள்ளி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு அது 70. வேகம் தணிந்தது உண்மை, திசை மாறவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்எஸ்ஐக்கு 100 என்ற கூரை இருக்கிறது. 80ஐத் தாண்டிய அசாதாரண ஓட்டத்துக்குப் பின் வரும் சாதாரண ஏற்றம், எவ்வளவு ஆரோக்கியமானதாக இருந்தாலும், கீழான உச்சத்தையே காட்டும். அதாவது முதல் உச்சம் மிகையாக இருந்தாலே எச்சரிக்கை தானாகப் பிறந்துவிடும். டிசம்பர் ஓட்டம் அப்படிப்பட்டது.

நடந்தது என்ன? மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் குறியீடு சுமார் 3 சதவீதம் இறங்கியது. அந்த அளவுக்கு எச்சரிக்கை பலித்தது. ஏப்ரலிலேயே புதிய உச்சம். செப்டம்பர் 26 அன்று 26,216. மார்ச்சில் விற்றவர் சுமார் 16.5 சதவீத ஏற்றத்தை இழந்திருப்பார். செப்டம்பருக்குப் பின் வந்த பெரிய வீழ்ச்சியை இந்த டைவர்ஜென்ஸின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல. அப்படி எழுதினால் எந்த எச்சரிக்கையும் ஒருநாள் பலிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: டைவர்ஜென்ஸைக் கண்டால் புதிதாக வாங்குவதை நிறுத்தலாம், விற்கக் கூடாது. இரண்டு உச்சங்களுக்கும் இடையிலான தாழ்வை விலை உடைத்தால் மட்டுமே விற்க வேண்டும். அன்று அந்தத் தாழ்வு, 2023 டிசம்பர் 21இன் 20,977. மார்ச் இறக்கம் அதைத் தொடவில்லை. தேர்தல் முடிவு நாளான ஜூன் 4இன் பீதியில்கூட நிஃப்டி 21,281 வரை வந்து மீண்டது.

இந்த விதிக்கும் விலை உண்டு. தாழ்வு உடைந்திருந்தால், மார்ச் 7 முடிவிலிருந்து சுமார் 7 சதவீதம் போன பிறகே வெளியேறியிருக்க முடியும். குறுகிய கால ஃப்யூச்சர்ஸ் வணிகருக்கு அது தாங்காது. ஃபண்டில் பல ஆண்டுகள் இருக்க நினைக்கும் என் நண்பருக்கு, 16.5 சதவீதத்தை விடுவதைவிட அது மலிவு.