முழு வெயிலுக்கு முழு மதிப்பெண்ணா?

குடியிருப்போர் சங்கங்களின் மாடித் தோட்டப் போட்டிகளில் இப்போது செடி முளைக்கும் முன்பே வரைபடத்துக்குப் பரிசு கொடுத்துவிடுகிறார்கள். வெயில், நடைபாதை, தண்ணீர் வசதி என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். இதைவிட நியாயமான முறை உண்டா என்றும் கேட்கிறார்கள்.

பாதையைப் பொறுத்தவரை நியாயம்தான். இரண்டடி அகலம் இல்லாத வழியில் பூவாளியோடு போய்வர முடியாது. சுவரை ஒட்டிய வரிசை இரண்டடிக்கு மேல் அகன்றால் பின்னால் இருக்கும் செடிக்குக் கை எட்டாது. பை வாங்கும் முன்பே இவற்றைத் தாளில் பிடித்துவிடலாம்.

என் சண்டை வெயில் கட்டத்தோடு. வரைபடத்தின் மூலையில் ஒரு சூரியனைப் போட்டுவிடுகிறார்கள். அது எந்த மாதத்துச் சூரியன்? சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பரில் தெற்கே இறங்கிவிடும். அப்போது மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் உச்சியிலும் இரண்டடிக்கு மேல் உள்ளே விழும். தெற்குச் சுவரோரம் வைத்த தக்காளிக்கு ஜூனில் தட்டுப்படாத நிழல் மார்கழியில் வந்து சேரும்.

அதைவிடப் பெரிய பிழை, வெயில் கூடக்கூட மதிப்பெண்ணையும் கூட்டுவது. இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பைகள் மாடி நடுவில், நாள் முழுக்க வெயிலில், குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மற்றதில் எட்டடி உயரப் படிக்கட்டு அறைக்குக் கிழக்கே, குழாயிலிருந்து தள்ளி இருக்கின்றன. முதல் படம்தான் ஜெயிக்கும். ஆனால் மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அறையின் நிழல் கிழக்கே ஏறத்தாழ நான்கடி நீளும். மூன்று மணி தாண்டும்போது எட்டடி. காலையிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் வாங்கிய கத்தரிக்கும் தக்காளிக்கும் அதற்குமேல் தேவையில்லை. கீரைக்கு அந்த நிழல் வரம். நடுமாடியில் இருப்பவையோ மேற்கு வெயிலிலும் தளத்தின் சூட்டிலும் மாலைவரை வேகும். அவற்றுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் போதாது, மாலையிலும் ஊற்ற வேண்டும். மதியம் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெறும் சூடு. விடிந்த பிறகும் தொங்கிக் கிடந்தால் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று அர்த்தம்.

ஆக, வெயில் கட்டத்தில் முதல் படம் வாங்கிய பத்து மதிப்பெண்தான் தண்ணீர் கட்டத்தில் அதற்குக் கடனாகிறது. குழாய் எத்தனை அடி தூரம் என்று அளக்கிறார்களே தவிர, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பூவாளியைத் தூக்க வேண்டும் என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகத்தின் ‘முழு வெயில்’ விதியை இந்த ஊர் மொட்டைமாடியில் அப்படியே ஒட்டியதன் பலன் இது.

பரிசு கொடுப்பவர்கள் இனி ஒரே தோட்டத்துக்கு இரண்டு படம் கேட்கட்டும்: சித்திரையில் பிற்பகல் மூன்று மணி நிழலோடு ஒன்று, மார்கழி உச்சி நிழலோடு ஒன்று. அதுவரை அந்தப் பரிசு படம் வரைந்த கைக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை.