களைப்பு, அயர்வு, சோர்வு, ஓய்வு: அகராதிப் பொருளும் வழக்குப் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் அகராதிகள் உடல், உள்ளத் தளர்ச்சியைக் குறிக்கும் சொற்களை ஒன்றையொன்று விளக்கும் ஒருபொருட் பன்மொழிகளாகவே தருகின்றன. அவற்றுக்கிடையே வேறுபாடு காண்போரும் அதனைப் பெரும்பாலும் மிகுதி, குறைவு என்னும் அளவு வேறுபாடாகக் கொள்கின்றனர். இச்சொற்களைப் பிரிப்பது அளவு அன்று. தளர்ச்சி எதனால் வந்தது, எங்கே நிகழ்கிறது, எதனால் தீரும் என்பனவே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டக் கல்குவாரி உழைப்புச் சூழல் ஒன்று இதற்குச் சோதனைக் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: களைப்பு, அயர்வு, அசதி, சோர்வு, ஓய்தல், சொற்பொருளியல், அகராதியியல்

முன்னுரை

ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுத்தளிப்பது நிகண்டு மரபு. மனப்பாடத்திற்கும் செய்யுள் இயற்றுவதற்கும் அம்முறை உதவியது. இக்கால அகராதிகளும் அம்முறையின் நிழலிலேயே நிற்கின்றன. களைப்புக்குச் சோர்வு என்றும், சோர்வுக்குத் தளர்ச்சி என்றும், தளர்ச்சிக்கு மீண்டும் சோர்வு என்றும் பொருள் கண்டு செல்பவர் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறார். வழக்கில் தமிழ் பேசுவோர் இச்சொற்களை இப்படி இடம் மாற்றிப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் அறிந்து பின்பற்றும் வேறுபாட்டை அகராதி பதிவு செய்யாமல் விடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் விமர்சனம்.

களைப்பு: செய்த செயலின் விளைவு

களைப்புக்கு முன் ஒரு செயல் நிகழ்ந்திருக்க வேண்டும். 'நடந்த களைப்பு', 'வேலை செய்த களைப்பு' எனப் பெயரெச்சத்தை அது எளிதாக ஏற்பதற்கு இதுவே காரணம். உணவின்மையால் வருவதும் 'பசிக் களைப்பு' எனப்படுவதால், செலவான ஆற்றல் ஈடு செய்யப்படாத நிலையே இதன் அடிப்படைப் பொருள் எனலாம். எனவே நிழலும் நீரும் உணவும் கிடைத்தால் களைப்பு தீர்ந்துவிடும். 'களைப்பாறுதல்', 'இளைப்பாறுதல்' என்னும் தொடர்கள் வழக்கில் உள்ளன. 'சோர்வாறுதல்', 'அசதியாறுதல்' என யாரும் சொல்வதில்லை. ஆறுதல் என்னும் வினை, சூடு தணிவது போலத் தானே தணியக்கூடியதோடு மட்டுமே சேர்கிறது.

அயர்வும் அசதியும்: விழிப்பின் நழுவல்

'களைத்துத் தூங்கினாள்' என்பதில் களைப்பு முன்னிகழ்வு. தூக்கம் அதன் விளைவு. 'அயர்ந்து தூங்கினாள்' என்பதில் அயர்வு தூக்கத்தின் தன்மையையே சொல்கிறது. 'கண்ணயர்தல்' என்னும் தொடரும், 'அசந்த நேரத்தில் திருட்டுப் போனது' என்னும் பேச்சு வழக்கும் இவ்விரு சொற்களின் களம் விழிப்பும் கவனமும் என்பதைக் காட்டுகின்றன. அயர்வுக்கு மறதி என்னும் பொருளும் உண்டென்பது இதனோடு பொருந்துகிறது. அசதிக்கு உழைப்பு முன்நிபந்தனை அன்று. எவ்வேலையும் செய்யாதவர் காய்ச்சல் வருமுன் 'உடம்பு அசதியாக இருக்கிறது' என்பார். அவ்விடத்தில் களைப்பு என்னும் சொல் பொருந்தாது.

சோர்வு: பிடி விடுதல்

கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், உடுத்த துகில் சோரும். பிடியிலிருந்து நழுவி இறங்குவதே சோர்தலின் பழம்பொருள். திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம் பேச்சில் நேரும் தவறுதலைச் சோர்வு என்றே குறிப்பிடுகிறது (642). அங்கே உடல் தளர்ச்சிக்கு இடமில்லை. இப்பழம்பொருளே இச்சொல் உள்ளத்திற்கு எளிதில் பொருந்துவதை விளக்குகிறது. 'மனச்சோர்வு' மருத்துவக் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. 'மனக்களைப்பு' அருகிய வழக்காகவே உள்ளது. சோர்ந்தவருக்கு ஓய்வு மட்டும் போதாது. விட்ட பிடி திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஓய்தல்: இருந்தது குறைந்துபோதல்

தொல்காப்பிய உரியியல், ஓய்தலை வேறு மூன்று சொற்களோடு சேர்த்து, முன்பிருந்த நிலையிலிருந்து குறைந்து நுணுகுதல் என்னும் பொருள் உரைக்கிறது. மழை ஓய்வதும் கை ஓய்வதும் இப்பொருளில் ஒன்றே. 'ஓய்ந்துபோனாள்' என்னும்போது ஒரு நாள் உழைப்பு பேசப்படுவதில்லை. நெடுங்காலம் இயங்கிய ஒன்று நின்றுபோனமை பேசப்படுகிறது. ஓய்வு என்னும் பெயர் இளைப்பாறலைக் குறிக்க, 'ஓய்ந்துபோதல்' மீளாமையைக் குறிக்கிறது. ஒரே வேரின் இவ்விரு போக்குகளையும் அகராதி தனித்தனியே காட்ட வேண்டும்.

ஒரு சூழலில் சோதனை

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் குழுக்களாகக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும், பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அக்கால நிகழ்வுகள். பகலில் கல்லுடைத்து, மாலையில் எழுத்தறிவு வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணை மாதிரியாகக் கொள்ளலாம்.

நண்பகலில் சம்மட்டியைக் கீழே வைத்து மர நிழலில் அமரும்போது அவளுக்குரிய சொல் களைப்பு. கஞ்சி குடித்துச் சற்று இருந்தால் அது ஆறிவிடும். மாலை வகுப்பில் தலை கவிழ்ந்து கண் மூடினால், அவள் அசந்துவிட்டாள். சில வாரங்களுக்குப் பின், எழுத்து கைவரவில்லை என்று சிலேட்டை ஒதுக்கி வைத்தால், சோர்ந்துவிட்டாள். இருபது ஆண்டுகள் கல்லுடைத்த தோள் சம்மட்டியைத் தூக்க மறுக்கும்போது, ஓய்ந்துபோனாள்.

இவற்றுள் இரண்டினை இடம் மாற்றினால் நேரும் பிழை புலப்படும். வகுப்பில் அசந்தவளைப் பற்றி 'சோர்வாக இருக்கிறாள்' என ஓர் ஆசிரியர் குறிப்பெழுதினால், படிப்பவர் அவளுக்கு ஊக்கம் தேவை என்றே முடிவு செய்வார். உண்மையில் தேவைப்படுவது வகுப்பு நேரத்தின் மாற்றம். மாறாக, சோர்ந்தவளை 'அசதி' என்று எழுதினால், ஒரு நாள் விடுப்பு போதும் என்று கருதப்படும்; அவள் திரும்ப வராமலே போகலாம்.

மருத்துவ வினாக்களிலும் இதே இடர் உண்டு. இரத்தசோகையின் அறிகுறியை அறிய 'களைப்பு உண்டா?' என்று வினவினால், உழைக்கும் பெண் அதனை வேலையின் இயல்பான விளைவாகக் கொண்டு பொருட்படுத்தாமல் விடக்கூடும். 'வேலை செய்யாத நாளிலும் உடம்பு அசதியாக இருக்கிறதா? தூங்கி எழுந்தும் தீரவில்லையா?' என்னும் வினாவே உழைப்பையும் நோயையும் பிரிக்கிறது.

வரையறைகள்

இவ்வெல்லைகள் எல்லா இடத்தும் கறாரானவை அல்ல. 'உடம்பெல்லாம் அலுப்பு' என்னும்போது அலுப்பு களைப்போடு நெருங்குகிறது. 'பார்த்து அலுத்துவிட்டது' என்னும்போது சலிப்போடு நெருங்குகிறது. இளைப்பு பேச்சு வழக்கில் மூச்சிரைப்பையும் உடல் மெலிவையும் குறிப்பதால், தளர்ச்சிப் பொருளில் அது 'இளைப்பாறு' என்னும் கூட்டுவினையில்தான் பெரிதும் எஞ்சியிருக்கிறது. சொல் தனித்து நிற்கும்போது மயங்கும் பொருள், அதனோடு சேரும் வினையால் தெளிவதை இவை காட்டுகின்றன.

முடிவுரை

களைப்பு ஆறும்; அயர்வு தூக்கத்தில் தீரும்; சோர்வு பற்றுக்கோடு கிடைத்தால் நீங்கும்; ஓய்ந்தது பெரும்பாலும் மீள்வதில்லை. இச்சொற்களைச் சிறிது, பெரிது என ஏணிப்படியில் அடுக்குவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அகராதிப் பதிவு இணைச்சொல்லோடு நின்றுவிடாமல், காரணம், நிகழிடம், தீர்வு ஆகிய மூன்றையும் உடன் சேரும் வினைகளோடு தர வேண்டும். சான்றாக, அசதி: 'உழைப்பின்றியும் வரும் உடல் மந்தம், விழிப்பைக் குறைப்பது, நோய்க்கு முன்னும் தோன்றுவது, ஆறு என்னும் வினையோடு சேராது' என அமையும் பதிவு, 'சோர்வு' என்னும் ஒற்றைச் சொல் விளக்கத்தைவிடப் பயன்படுவோருக்குத் தெளிவு தரும்.