டோகாஃப் சுழற்சி: சின்ன நிறுவனத்துக்கு எவ்வளவு போதும்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சட்டகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1995-இல் வந்தது டோகாஃப். நிறுவனத்தின் வேலைமுறை, தரவு, மென்பொருள், கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடும் சட்டகம் அது. ஆயத்தத்துக்குப் பிறகு A முதல் H வரை எட்டுக் கட்டங்கள். நடுவில், எந்தக் கட்டத்திலும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவைப் பட்டியல்.

கோவையில் பம்ப்செட் விற்கும், இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு டேலியில், ஸ்டாக் எக்செலில், ஆர்டர் வாட்ஸ்அப்பில். "சரக்கு இருக்கு" என்று டீலரிடம் சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போனால் இருப்பதில்லை. முதலாளி புது மென்பொருள் வாங்கத் துடிக்கிறார்.

இங்கேதான் டோகாஃபின் வரிசை கைகொடுக்கிறது. A-யில் இலக்கை ஒரே பக்கத்தில் எழுதுகிறோம்: டீலருக்குச் சொல்லும் இருப்பு உண்மையாக இருக்க வேண்டும். B-யில் வேலை நடக்கும் வழியை வரைந்து பார்த்தால் ஓட்டை தெரிகிறது. வாரண்டியில் மாற்றித் தரும் பம்புகள் பில் இல்லாமல் குடோனை விட்டுப் போகின்றன. ஒரு நோட்டில் மட்டும் பதிவாகின்றன. எந்த மென்பொருளை வாங்கியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. C-யில் இன்னொன்று: ஒரே பம்புக்கு டேலியில் ஒரு பெயர், எக்செலில் வேறு பெயர். D-யில் பெரிய வேலை இல்லை. இருக்கும் கணினிகளே போதும்.

இந்தக் கட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இடைவெளி அட்டவணை. இன்று இருப்பவை வரிசைகளில், நாளை வேண்டியவை பத்திகளில்; கடைசி வரிசை 'புதியவை', கடைசிப் பத்தி 'நீக்கப்பட்டவை'. எக்செல் அந்தக் கடைசிப் பத்தியில் விழுகிறது. வேண்டுமென்றே நீக்கினோமா, மறந்து விட்டுவிட்டோமா என்று அட்டவணை கேட்கவைக்கிறது. திறந்து பார்த்தால், எந்த பம்ப் எந்த ரேக்கில் என்ற குறிப்பு அந்த எக்செலில் மட்டும்தான் இருக்கிறது.

E-யும் F-உம் எதை முதலில் மாற்றுவது என்பதை முடிவுசெய்கின்றன. பெயர்களைச் சீராக்குவது முதலில், வாரண்டி சரக்குக்கும் சீட்டு போடுவது அடுத்து, மென்பொருள் கடைசியில்.

குறை எங்கே? சட்டகம் பட்டியலிடும் ஆவணங்களையெல்லாம் எழுத உட்கார்ந்தால் இருபது பேர் கம்பெனியில் வியாபாரம் பார்க்க ஆள் இருக்காது. தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம் என்று டோகாஃபே சொல்கிறது. ஆனால் எதைக் குறைப்பது என்று தெரிய அனுபவம் வேண்டும், அந்த அனுபவம் இல்லாதவர்தானே சட்டகத்தைத் தேடி வருகிறார்! அதைவிடப் பெரிய சிக்கல் G-யில். வகுத்தபடி வேலை நடக்கிறதா என்று கண்காணிக்கத் தனிக் குழு இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட கட்டம் அது. சின்னக் கம்பெனியில் விதி போட்டவரே முதலாளி. பழகிய டீலர் அவசரமாகக் கேட்டால் சீட்டில்லாமல் பம்பைத் தூக்கிக் கொடுப்பவரும் அவரே. சீட்டில்லாமல் குடோன் கதவைத் திறக்க முடியாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கணக்காளருக்குக் கொடுக்காவிட்டால், எக்செலில் தப்பாக இருந்த இருப்பு அடுத்த மாதம் புது மென்பொருளிலும் தப்பாகவே இருக்கும்.