வளைகோட்டின் எப்பக்கம்?

சமனிலி என்பது இரு கோவைகளில் எது பெரியது, எது சிறியது என்று கூறும் தொடர்பு. அது மெய்யாகும் புள்ளிகள் யாவும் சேர்ந்த பரப்பை நிழலிட்டுக் காட்டுவதே அதன் வரைபடம். x² + y² ≤ 25, y > x² − 5 என்னும் இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டால், முதலாவதன் எல்லை ஆதிப்புள்ளியை மையமாகவும் 5 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டம். சமக்குறியும் சேர்ந்திருப்பதால் அது முழுக்கோடாக வரையப்படுகிறது. இரண்டாவதன் எல்லையாகிய பரவளையம், அதாவது (0, −5) என்னும் முனையிலிருந்து மேல்நோக்கி விரியும் வளைகோடு, விடையில் சேராததால் விட்டுவிட்டு வரையப்படுகிறது.

'பெரியது' என்னும் குறியை வெளிப்புறம் என்று மனப்பாடம் செய்தவர் தவறுவது இங்கேதான்: x² + y² > 25 வட்டத்தின் வெளிப்புறத்தைக் குறிக்க, y > x² − 5 பரவளையத்தின் உட்புறத்தையே குறிக்கிறது. எல்லையைக் கடக்காமல் சமனிலியின் உண்மை மாறாது என்பதால், எல்லையில் அமையாத ஒரு புள்ளியைச் சோதித்தாலே பக்கம் தெளிவாகிவிடும். ஆதிப்புள்ளியில் 0 ≤ 25, 0 > −5 என இரண்டும் மெய்யாவதால், அது இருக்கும் பகுதியே விடை. (எல்லை y = x² ஆக இருந்திருப்பின் ஆதிப்புள்ளி அதன்மேலேயே விழுந்து சோதனைக்கு உதவாது.)

இரு எல்லைகளும் சந்திக்கும் இடங்களைக் காண, வட்டத்தின் சமன்பாட்டில் x²-க்குப் பதிலாக y + 5 என இட்டால் y² + y − 20 = 0 கிடைத்து, y = 4 அல்லது −5 ஆகிறது; ஆகவே வளைகோடுகள் (3, 4), (−3, 4) ஆகியவற்றில் வெட்டிக்கொண்டு, (0, −5)-இல் தொட்டு மட்டும் நிற்கின்றன. கிண்ணம் போன்ற நிழற்பகுதியின் இரு மூலைகளும் அத்தொடுபுள்ளியும் பரவளையத்தின்மேல் இருப்பதால், வட்டம் முழுக்கோடாக இருந்தும் அவை விடையில் சேராமல், உள்ளீடற்ற சிறு வட்டங்களால் குறிக்கப்படுகின்றன.