மைக்ரோவேவில் பீன்ஸ் பொரியல்: மூடியும் காத்திருப்பும்

பல வீடுகளில் மைக்ரோவேவ் அவனுக்கு இருக்கும் வேலை, பால் சுடவைப்பதும் நேற்றைய சாம்பாரைச் சூடாக்குவதும்தான். காய்கறி வேகவைக்க அது எவ்வளவு உதவும் என்று பார்க்க, கிரில், கன்வெக்‌ஷன் எதுவும் இல்லாத 20 லிட்டர் சோலோ வகையை எடுத்துக்கொண்டேன். சமைக்கும் திறன் 800 வாட். பெட்டியின் பின்புறம் 1,200 வாட் என்று இருக்கலாம். அது மின்சாரம் இழுக்கும் அளவு. சமையல் நேரத்தைத் தீர்மானிப்பது முதல் எண்தான்.

முதலில் அப்பளச் சோதனை. சுழல்தட்டையும் அதன் அடியிலுள்ள சக்கர வளையத்தையும் எடுத்துவிட்டு, நடு அச்சில் படாதபடி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு தட்டு வைத்தேன். தட்டு நிறைய பொரிக்காத சிறு அப்பளங்களைப் பரப்பி இயக்கினால், அரை நிமிடத்துக்குள் சில இடங்களில் அப்பளம் பொரிந்து வெளுக்கும். பக்கத்திலேயே சில இடங்கள் பச்சையாகக் கிடக்கும். பெட்டிக்குள் அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று கலக்கும்போது, சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் மங்குகின்றன. அதனால் சூடு திட்டுத்திட்டாக விழுகிறது.

சுழல்தட்டு இந்தக் குறையைக் குறைக்கிறது, நீக்கிவிடுவதில்லை. ஓரத்தில் இருப்பது சுற்றிச் சுற்றி எல்லாத் திட்டுகளையும் கடந்து வருகிறது. சரியாக நடுவில் இருப்பதோ நின்ற இடத்திலேயே திரும்புகிறது. ஆகவே காயைக் குவியலாக வைக்காமல், நடுவைக் காலியாக விட்டு வளையமாகப் பரப்புவது நல்லது. பாதியில் ஒருமுறை கிளறுவது கட்டாயம்.

இனி பொரியல். பொடியாக நறுக்கிய 200 கிராம் பீன்ஸ், மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், அகலமான கண்ணாடிக் கிண்ணம். மூடாமல் வைத்தால் ஆவி வெளியேறி, ஓரத்துத் துண்டுகள் சுருங்கித் தோலாகின்றன. நடுவில் உள்ளவை பல்லில் நறுக்கென்கின்றன. மூடினால் அந்த ஆவியே உள்ளே சுற்றி, அலை குறைவாக விழும் இடங்களையும் வேகவைக்கிறது. இதற்குத் தனியாக மூடி வாங்க வேண்டியதில்லை. கிண்ணத்தின்மேல் ஒரு பீங்கான் தட்டைச் சற்று இடைவெளி விட்டு வைத்தால் போதும். காற்றுப் புகாத டப்பா மூடியை அழுத்தி மூடக் கூடாது. ஆவி சேர்ந்து மூடி தெறிக்கும். எவர்சில்வர் தட்டும் ஆகாது: உலோகம் அலையைத் தடுக்கும், பொறியும் பறக்கலாம்.

முழுத் திறனில் மூன்று நிமிடம், ஒரு கிளறல், மீண்டும் இரண்டு நிமிடம். உப்பை முன்னதாக உலர்வாகத் தூவினால் அது விழுந்த இடத்துத் துண்டுகள் காய்ந்துபோகும். தாளிப்பின்போது சேர்ப்பதே மேல்.

அடுத்த இரண்டு நிமிடம்தான் பலரும் தவிர்க்கும் கட்டம்: மூடியைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுவது. மைக்ரோவேவ் அலை காய்க்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாகச் செல்லும். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். பெட்டி நின்ற பிறகும் அந்தப் பரவல் தொடர்கிறது. பீன்ஸில் இது சிறு வித்தியாசம். முழு உருளைக்கிழங்கில் பெரிய வித்தியாசம். குத்திப் பார்க்கும்போது நடு சற்றே கெட்டியாக இருந்தால், இன்னும் இரண்டு நிமிடம் ஓடவிடத் தோன்றும். ஓடவிட்டால் மேல்புறம் ரப்பராகிவிடும். மூடி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் குத்தினால், பெரும்பாலும் கத்தி எளிதாக இறங்கும். கிழங்கை வைக்குமுன் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், இல்லையேல் வெடிக்கும். தட்டை எடுக்கும்போது எதிர்ப்பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி உங்கள் முகத்தில் அடிக்காது.

கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிப்பு அடுப்பில்தான். வெந்த பீன்ஸையும் தேங்காய்த்துருவலையும் அதில் புரட்டினால் பொரியல் தயார். நிறம் பச்சை மாறாமல் நிற்கிறது. வடித்துக் கொட்டத் தண்ணீரும் மிஞ்சுவதில்லை.

இதே முறை இட்லிக்கும் பொருந்தும். ஆறிய இட்லிமேல் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, வளையமாக அடுக்கி அரை நிமிடம் வைத்தால் மிருதுவாகிறது. மூடாமல் வைத்தால் கல்லாகிறது. மீந்த கறிக்குழம்பைச் சூடாக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஓரம் கொதித்தாலும் நடு ஜில்லென்றிருக்கலாம். கிளறி, முழுக்க ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காயின் அளவை இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அரைக் கிலோவைத் தாண்டினால் குக்கரே வேகம். ஈரம் வற்ற வதக்க வேண்டிய வெண்டைக்காய்க்கு இது சரிப்படாது. ஒருவர் அல்லது இருவர் உள்ள வீட்டில் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்குக்கு இந்த எளிய சோலோ பெட்டியே போதும். காய் வேகவைப்பதற்காக மட்டும் விலை கூடிய கன்வெக்‌ஷன் வகையை வாங்க வேண்டாம்.