கொழுந்து நிறுத்த ஏடும் குணம் எழுதிய தாளும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஸ்டோரில் ஓர் இடம் காலியாகி, மலையில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்கப்படும்போது ஒரு குத்தல் பேச்சு காதில் விழும். “நம்முடையது இலங்கைக்காரன் பழக்கிவிட்ட முறை. துரை யாரைக் கை காட்டுகிறாரோ அவனுக்குத்தான் வேலை. இந்தியாவில் ஒவ்வொருவனுக்கும் கோப்பு உண்டு, வரிசை உண்டு” என்பார்கள். பழக்கிவிட்டது இலங்கை என்பதில் சந்தேகமில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது உடன் நின்ற ஏ. பி. மில்ன் இலங்கைத் தேயிலையில் பழகியவர். ஆகவே அந்தக் குத்தல் நம் மீதும்தான் படுகிறது. ஒரு பகுதியில் வேலை செய்தவர் இன்னொரு பகுதிக்குப் பொருந்துவாரா என்பதை அவர் எழுதித் தரும் சுயவிவரத்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது, தோட்டத்துக்குள் கிடக்கும் சான்றுகளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இதில் இரு நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சான்றை நம்புவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அந்த இடத்தில் இலங்கை வழிக்கு, அதை இகழ்கிறவர்கள் நினைப்பதைவிட அதிக நியாயம் இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில் ஒருவரின் வேலையைப் பற்றிய முதல் சாட்சி கொழுந்து மடுவத்தில் உருவாகிறது. பறித்த கொழுந்து நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கப்படும். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவரின் எடையையும் எழுதுவார், ஈரத்துக்கும் முற்றலுக்கும் கழிப்பார். அன்றைய வேலை முழுப் பேரா அரைப் பேரா என்பது செக்ரோலில் ஏறும். பிறகு அதே கொழுந்து ஸ்டோரில் மறுபடி நிறுக்கப்படும். இந்த ஏடுகள் யாரையும் பாராட்டவோ குறை சொல்லவோ எழுதப்பட்டவை அல்ல, சம்பளத்துக்காக எழுதப்பட்டவை. அதனாலேயே அவற்றில் பொய் நிலைப்பது கடினம். எடை குறைந்தால் கூடையோடு நிற்கும் பெண் அங்கேயே கேட்பார், எடை கூடினால் ஸ்டோர் தராசு காட்டிக்கொடுக்கும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 75 சதவீத வருகைக்குத் தனி ஊக்கத்தொகை இருந்தது. அந்தத் தொகை கைக்கு வருமா என்பது வருகைக் கணக்கைப் பொறுத்தது என்பதால், அந்தக் கணக்கைத் தொழிலாளியும் எண்ணினார், தொழிற்சங்கமும் எண்ணியது. ஒருவரைப் பற்றிய சான்று, அவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழாத நாளில், வேறொரு தேவைக்காக, எதிர்த்துக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு வலு அதிகம். இலங்கை மடுவம் இந்த மூன்றையும் ஒருசேரத் தருகிறது.

இந்திய வழி தாள்களில் தெளிவாகத் தெரிகிறது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைக்கச் சொன்னது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த ஐந்தாம் அட்டவணை, சங்க வேலை செய்தவர் என்பதற்காகப் பதவி உயர்வை மறுப்பதையும், தகுதியைப் பாராமல் ஒரு சாராருக்குச் சலுகை காட்டுவதையும் முறையற்ற செயல் என்றது. புரூக் பாண்ட் தேயிலை நிறுவனம் தொடர்பான வழக்கிலேயே இந்திய உச்ச நீதிமன்றம், பதவி உயர்வு நிர்வாகத்தின் வேலைதான், ஆனால் கெட்ட எண்ணத்திலோ பழிவாங்கவோ மூத்தவரைத் தாண்டியிருந்தால் தீர்ப்பாயம் தலையிடலாம் என்று 1960களில் சொன்னது. இவையெல்லாம் மதிக்கத்தக்கவை. ஆனால் அரசு சார்ந்த நிறுவனங்களில் இந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்தது ஆண்டுக்கு ஒருமுறை மேலதிகாரி எழுதும் இரகசியக் குறிப்பு. அதில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று தரம் இருக்கும். எத்தனை கிலோ, எத்தனை நாள், எந்த மலை என்பதற்கு அந்தச் சொற்களில் இடமில்லை. எழுதுகிறவருக்கும் சொந்த நோக்கம் உண்டு. கெட்டிக்கார மேற்பார்வையாளரை இழக்க விரும்பாத அதிகாரி தரத்தைக் குறைத்து எழுதலாம், தொல்லையானவரைத் தள்ளிவிட விரும்புகிறவர் கூட்டி எழுதலாம்.

இந்தியா தன் நோயைத் தானே கண்டுகொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேவ் தத் வழக்கில் ஓர் எல்லைச் சாலைப் பொறியாளருக்கு 1993–94ஆம் ஆண்டில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். குறிப்பு அவரிடம் காட்டப்படவில்லை, உயர்வும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் உரியவருக்குத் தெரிவித்து, மறுத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தே சொன்னது. நீலகிரியிலும் வால்பாறையிலும் இருக்கும் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அத்தகையது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம்மவர்களுக்கு வேலை தரவே அது உருவாயிற்று. இலங்கை மடுவத்தில் தலைமுறையாக எடை பார்த்த குடும்பங்கள் இந்தியத் தாள் முறைக்குள் போன இடம் அது. இந்தியத் தோட்டங்களிலும் கொழுந்து நிறுக்கிறார்கள், ஏடு எழுதுகிறார்கள், அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் தகராறு வந்தால் அங்கே மேசைக்கு வருவது எடை ஏடு அல்ல, தரம் எழுதிய தாள்.

இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்பதைக் கேமரன் மலையில் வைத்து, கற்பனையாக ஒரு காலியிடத்தைக் கொண்டு பார்க்கலாம். ஸ்டோரில் வாட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளர் வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். அதை 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாட்டி, உருட்டும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மலையிலிருந்து இருவர் விண்ணப்பிக்கிறார்கள். முதலாமவரின் சுயவிவரம், அவருடைய அணி ஆறு மாதமாக எல்லா அணிகளையும்விட அதிகக் கிலோ பறித்ததாகச் சொல்கிறது. இரண்டாமவர் எழுதியிருப்பது இத்தனை ஆண்டுகள் வேலை செய்தேன் என்று மட்டுமே. தரம் எழுதும் படிவத்தில் முதலாமவருக்கு ‘மிக நன்று’, மற்றவருக்கு ‘நன்று’ என்று விழுந்திருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏட்டைத் திறந்தால் கதை மாறுகிறது. முதலாமவரின் மலை கவ்வாத்து முடிந்து இரண்டாம் ஆண்டில் இருக்கிறது, கொழுந்து தானாகவே பொங்கும் காலம் அது. இரண்டாமவரின் மலை அடுத்த கவ்வாத்தை நெருங்கிவிட்டது, அங்கே வங்கிக் கொழுந்து மிகும், விளைச்சல் இறங்கும். இரண்டு மலைகளின் கிலோவை ஒப்பிடுவது ஆளை ஒப்பிடுவதாகாது. ஒவ்வொரு அணியையும் அதே வயதுள்ள மலையோடு, அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து வாட்டும் வேலைக்கு உண்மையில் எது வேண்டும் என்று கேட்க வேண்டும். கொழுந்தின் ஈரத்தையும் முற்றலையும் கண்டு தரம் பிரிக்கும் கண் வேண்டும், நேரம் தவறாமை வேண்டும், அளவை உள்ளபடி எழுதும் பழக்கம் வேண்டும். இவற்றுக்கும் ஏட்டில் சாட்சி இருக்கிறது. மலையில் எழுதிய எடைக்கும் ஸ்டோரில் எழுதிய எடைக்கும் வழியில் ஆவியாகும் அளவுக்குச் சிறு வித்தியாசம் வருவது இயல்பு. இரண்டாமவரின் அணியில் அது மாதம் முழுவதும் நூற்றுக்கு இரண்டை ஒட்டியே நிற்கிறது, முதலாமவரின் அணியில் மழை நாள்களில் ஏழுக்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தைக் கழிக்காமல் எடை போட்டிருக்கிறார், அல்லது கொழுந்து லாரிக்காக நெடுநேரம் காத்துக் கிடந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும், வாட்டும் பகுதிக்கு ஆகாத பழக்கம் அது. நல்ல கொழுந்தின் சதவீதத்தை எண்ணி எழுதும் பதிவும் இரண்டாமவரின் பக்கம் சாய்ந்தால், கிலோவில் பின்தங்கியவரே இந்த வேலைக்கு முந்தியவர். ஆனால் மலை ஏட்டில் இல்லாதவையும் உண்டு. இரவு முறையில் விழித்திருப்பாரா, ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கத் தெரியுமா என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. அதைச் சில வாரம் வாட்டுமாடியில் நிற்கவைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இங்கே சரிவுகளில் இப்போது வெட்டுக் கத்திரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. எடை அணிக்கு வருகிறது, தனி ஆளுக்கு வருவதில்லை. அப்படியானால் இலங்கை ஏட்டின் சிறப்பே போய்விடுகிறதல்லவா என்று கேட்கலாம். பறிப்பவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவரைத் தனியாக அளக்க அணியின் எடை உதவாது, அதை அவர் பெயரில் ஏற்றுவது பிழை. ஆனால் அணியை நடத்துகிறவருக்கு அந்தக் குறை இல்லை. அணியின் எண்ணே அவருடைய எண். மலை எடைக்கும் ஸ்டோர் எடைக்குமான வித்தியாசம் இயந்திரம் வந்த பிறகும் மாறாமல் அவரைப் பற்றிப் பேசுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடச் சங்கடமானது. இலங்கையில் ஏடு நேர்மையாக இருக்கலாம், ஏட்டைப் படித்து முடிவெடுப்பவர் நேர்மையாக இருந்தாரா? பழைய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு கிடைத்தது. அத்தகையவர் சொல்லும் வருகைக் கணக்கை யார் நம்புவார்? உறவும் சாதியும் பார்த்துக் கணக்கப்பிள்ளை வேலை போனதில்லையா என்றும் கேட்பார்கள். போயிருக்கும். காரணத்தை எழுத்தில் சொல்லும் கட்டாயம் இல்லாத இடத்தில் நல்ல ஏடும் பெட்டிக்குள் உறங்கும். இதை மறைத்து இலங்கையைப் புகழத் தேவையில்லை. இந்தியாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான். தரம் எழுதிய தாளை அங்கேயே விட்டுவிடலாம், அந்தத் தாளை உரியவரிடம் காட்ட வேண்டும் என்ற தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேமரன் மலைக்கு இது எட்டாத யோசனை அல்ல. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம், யாருக்குப் பதவி உயர்வு என்பதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கேட்கச் சங்கத்துக்கு வழி வைக்கவில்லை. ஆனால் பதவி உயர்வு எந்த முறையில் நடக்க வேண்டும் என்ற பொதுக் கேள்வியை எழுப்பலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. அந்த இடைவெளி போதும். காலியிடம் அறிவிக்கும்போதே அந்த வேலைக்கு எந்த ஏட்டின் எந்தப் பதிவுகள் பார்க்கப்படும் என்று எழுதிப் போடட்டும். அறிவிப்புக்கு முந்திய பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், காலியிடம் தெரிந்த பிறகு எழுதியவற்றில் ஆசையும் பயமும் கலந்திருக்கும். தேர்வாகாதவர் தன் மலையின் வயதையும் மழை நாள் எடையையும் தானே பார்த்து, பிழை இருந்தால் சொல்ல ஒரு வாரம் கொடுக்கட்டும். இப்படிச் செய்தால் வாட்டும் பகுதிக்குப் போக முடியாமல் போன முதலாமவருக்கும் தன் எடை எந்த நாளில் தாவியது என்று தெரிந்திருக்கும். அடுத்த காலியிடத்துக்கு முன் அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு வழி உண்டு. ‘நன்று’ என்று மட்டும் எழுதிய தாள் அந்த வழியை ஒருநாளும் காட்டாது.