மூன்றுக்கு இரண்டு: வேலர் படகின் கோணல் கணக்கு

குறுக்குத்துறையில் நீந்திப் பழகிய பையனுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. ஆனால் அவனைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் கடற்படையின் வேலர் படகில் உட்கார வைத்து, கையில் ஒரு தண்டைக் கொடுத்தால் முதல் பத்து நிமிஷம் திணறித்தான் போவான். தாமிரபரணியில் படகுப் பந்தயம் விடவே வழியில்லை. பாறைகளும் தடுப்பணைகளும் அமலைச் செடியுமாக, நேராக ஆயிரம் மீட்டர் ஆழத் தண்ணீர் கிடைப்பதே அபூர்வம். அதனால் நம் வட்டாரத்தில் தண்டு வலிக்க ஆசைப்படும் என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கடல்தான் மைதானம். அவர்களுடைய அகில இந்திய முகாமான நௌ சைனிக் முகாமில் 'போட் புல்லிங்' ஒரு முக்கியமான போட்டி. கடற்படைக்குள்ளும் இதே படகில் பந்தயங்கள் நடக்கின்றன.

கரையில் நின்று கைதட்டுகிறவர்கள் இதை ஒரு பலப் போட்டியாகத்தான் பார்க்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் பார்த்தேன். படகின் அமைப்பைப் புரிந்துகொண்ட பிறகு என் பார்வை ஆட்களின் தோளை விட்டுச் சுக்கானுக்குப் போய்விட்டது.

வேலர் படகின் நீளம் 27 அடி, அதாவது எட்டு மீட்டருக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் கூர்மையான உடல். ஐந்து பேர் ஆளுக்கொரு தண்டு வலிக்க, ஆறாமவரான காக்ஸ்வைன் பின்னால் அமர்ந்து சுக்கான் பிடிப்பார். பின்னாலிருந்து எண்ணினால் ஸ்ட்ரோக், செகண்ட் ஸ்ட்ரோக், மிட்ஷிப், செகண்ட் பௌ, பௌ என்று பெயர். தண்டுகள் ஒன்று மாற்றி ஒன்றாக வலமும் இடமும் நீளும். ஐந்து ஒற்றைப்படை எண் அல்லவா? ஸ்ட்ரோக், மிட்ஷிப், பௌ ஆகிய மூன்று தண்டுகள் படகின் வலப்புறமான ஸ்டார்போர்டில் இருக்கும். மீதி இரண்டும் இடப்புறமான போர்ட்டில். வலிப்பவர்கள் பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால் படகின் வலம் அவர்களுக்கு இடக்கைப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் பாதிக் குழப்பம் இதிலேயே அடைவார்கள்.

ஐந்து பேரும் சம பலத்தோடு வலித்தால் என்ன ஆகும்? வலப்பக்கம் மூன்று பங்கு உந்துதல், இடப்பக்கம் இரண்டு பங்கு. படகின் மூக்கு ஒவ்வொரு வலிப்புக்கும் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கக் காக்ஸ்வைன் சுக்கானை எந்நேரமும் கொஞ்சம் திருப்பியே பிடிக்க வேண்டும். திருப்பிய சுக்கான் தண்ணீரில் நட்ட பலகை மாதிரி. மூக்கை நேராக்கும், கூடவே வேகத்தையும் தின்னும். கால் மைல் தூரத்துக்கு பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஸ்கூட்டர் ஓட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோணலாகப் போவதால் தூரம் கூடித் தோற்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. மூக்கு ஐந்து டிகிரி இப்படியும் அப்படியுமாக அலைந்தபடி போனால்கூட ஆயிரம் மீட்டருக்கு நான்கு மீட்டர்தான் அதிகம், அரைப் படகு நீளம். உண்மையான நஷ்டம் அந்த அலைச்சலை அடக்கச் சுக்கான் படும் பாட்டில் இருக்கிறது.

விவரமான பயிற்சியாளர் இதை ஆட்களை உட்கார வைக்கும்போதே பாதி தீர்த்துவிடுவார். குழுவிலேயே பலசாலிகளான இருவரை இடப்பக்கத் தண்டுகளுக்கு, அதாவது செகண்ட் ஸ்ட்ரோக்குக்கும் செகண்ட் பௌவுக்கும் போடுவார். ஒரு கணக்குக்காக வலப்பக்க மூவரும் ஆளுக்கு 30 அலகு இழுக்கிறார்கள் என்று வையுங்கள், மொத்தம் 90. இடப்பக்க இருவரும் அதே 30 இழுத்தால் 60, வித்தியாசம் 30. அந்த இருவரும் 36 இழுக்கக்கூடியவர்கள் என்றால் 72, வித்தியாசம் 18. சுக்கானின் சுமை ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. மீதியைக் காக்ஸ்வைன் தாங்கித்தான் ஆக வேண்டும். அதற்காக வலப்பக்கத்தாரைக் குறைத்து வலிக்கச் சொல்வது மடத்தனம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீளத் தண்டைப் பிடிக்க இடம் வேண்டும் என்பதால், ஒருவர் தன் தண்டு கிடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி உட்காருவார். அதனால் வலப்பக்கத் தண்டுக்காரர் மூவரும் இடப்புறம் உட்கார, படகு இடப்புறம் சாயும். சாய்ந்த பக்கத்தில்தான் அந்த இரண்டு இடத் தண்டுகளும் இருக்கின்றன. திரும்பக் கொண்டுபோகும்போது அவை அலை முகட்டில் தட்டும். குழுவின் இரண்டு பெரிய ஆட்களின் வலிப்பு வீணாகும். காக்ஸ்வைன் ஒரு சாண் வலப்புறம் நகர்ந்து உட்கார்ந்தாலே சாய்வு கணிசமாகக் குறையும். பலசாலிகள் கனமானவர்களாகவும் இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் உட்காருவது வலப்புறம் அல்லவா?

இனி தாளத்துக்கு வருவோம். ஏரிகளில் ஓடும் பந்தயப் படகுகளில் இருக்கை சறுக்கும்; கால்பலம் முழுதும் தண்டுக்குப் போகும். வேலரில் குறுக்குப் பலகைதான் இருக்கை, நகராது. காலைக் கட்டையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முதுகைப் பின்னால் சாய்த்து வலிக்க வேண்டும். கையால் மட்டும் இழுக்கிறவர் இருநூறு மீட்டரில் ஓய்ந்துவிடுவார். தாளத்தை வைப்பவர் ஸ்ட்ரோக். அவர் கண்ணுக்குக் காக்ஸ்வைன் மட்டுமே தெரியும்; மற்ற நால்வரும் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து வலிப்பார்கள். ஆகவே பிழை செய்வது யாரானாலும் அது தொற்றுவது அணியத்தை நோக்கித்தான். செகண்ட் ஸ்ட்ரோக் கால் நொடி தாமதித்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் மூவரும் தாமதிப்பார்கள்.

இரண்டு படகுகளை மனதில் ஓட்டிப் பார்ப்போம். முதல் படகு நிமிஷத்துக்கு 36 வலிப்பு வலிக்கிறது. அவசரத்தில் வலிப்பு குறுகி, ஒன்றுக்கு 3.3 மீட்டர் போகிறது. இரண்டாவது படகு 30 வலிப்புதான். ஆனால் முழு நீளம் சாய்ந்து வலித்து, தண்டு வெளியே இருக்கும் நேரத்தில் படகைச் சும்மா ஓடவிடுகிறது; ஒரு வலிப்புக்கு 4.1 மீட்டர். முதல் படகுக்கு ஆயிரம் மீட்டர் கடக்க 8 நிமிஷம் 25 நொடி. இரண்டாவதுக்கு 8 நிமிஷம் 8 நொடி. முடிவில் வித்தியாசம் 34 மீட்டர், நான்கு படகு நீளம். முதல் படகுக்காரர்கள் சுமார் அறுபது வலிப்பு அதிகம் வலித்துவிட்டுத் தோற்கிறார்கள். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள்தான் ஆக்ரோஷமாகத் தெரிவார்கள் என்பது தனி வேடிக்கை.

புறப்பாடு மட்டும் விதிவிலக்கு. 'கிவ் வே டுகெதர்' என்ற குரல் கேட்டதும் நின்றிருக்கும் கனத்த படகை முழு வலிப்பால் அசைக்க முயன்றால் முதுகு போகும், படகு அசையாது. அரை வலிப்பு, மறுபடி அரை, முக்கால், பிறகு முழு வலிப்பு என்று ஏற்ற வேண்டும். நான்கைந்து வலிப்பில் படகுக்கு ஓட்டம் வந்துவிடும். அதன் பிறகும் அந்தப் படபடப்பை விடாத குழுதான் மேலே சொன்ன முதல் படகாகிறது.

கடலில் தாளத்தைக் கெடுப்பது அலை. தண்டின் இலை ஒரு முறை முகட்டில் ஆழமாகப் புதையும், அடுத்த முறை பள்ளத்தில் வெறுங்காற்றைத் துழாவும். புதைந்த இலை சாய்ந்து மாட்டிக்கொண்டால் கைப்பிடி வலிப்பவரின் நெஞ்சில் வந்து இடிக்கும். இதற்கு ஆங்கிலேயப் படகோட்டிகள் 'நண்டு பிடிப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர் அலையில் வலிப்பைக் கொஞ்சம் குறுக்கி, திரும்பும்போது இலையை உயரமாகக் கொண்டுபோவதே வழி. பின்னால் அலை வந்தால் அது தூக்கிவிடும் நொடியில் அவசரப்படாமல் படகை ஓடவிட வேண்டும்.

இதில் உவரிக் கடற்கரைப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமரத்தில் சுக்கான் கிடையாது. துளவை போடுகிறவரே திசையையும் திருத்துவார். அலையைப் படிப்பதில் அந்தப் பையன்களுக்கு நிகரில்லை. ஆனால் வேலரில் உட்கார்ந்ததும் மூக்கு விலகினால் கை தானாகவே திருத்தப் போகும். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் திருத்தினால், ஏற்கெனவே திருத்திக்கொண்டிருக்கும் காக்ஸ்வைனோடு சண்டைதான். அந்த நல்ல பழக்கத்தைப் படகில் ஏறும்போது கழற்றி வைக்கச் சொல்வது பயிற்சியாளருக்குச் சங்கடமான வேலை.

கடைசியாகக் காற்று. ஓடும் படகு பெரும்பாலும் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பும். தூத்துக்குடியில் ஆனி, ஆடியில் கச்சான் கரைப்பக்கமிருந்து வீசும். கரையை ஒட்டி வடக்கே ஓடினால் காற்று இடப்பக்கம் விழும். மூன்று தண்டுகளும் மூக்கை இடப்பக்கம் தள்ள, காற்றும் அதே பக்கம் இழுக்க, சுக்கானுக்கு இரட்டைச் சுமை. மிதவையைச் சுற்றித் தெற்கே திரும்பினால் காற்று வலப்பக்கம். இப்போது ஒன்றை ஒன்று சரிக்கட்டும், சுக்கான் கிட்டத்தட்ட நேராக நிற்கும். ஆகவே போகும்போது வேகம் குறைந்த குழு மனம் தளரத் தேவையில்லை, எல்லாப் படகுக்கும் அதே தண்டனைதான். போகும்போது அடக்கி வலித்து, திரும்பும் பாதையில் கூட்டுவதே என் யோசனை.

மிதவையைச் சுற்றுவதிலும் இதே மூன்றுக்கு இரண்டுதான். இடப்பக்கம் திரும்புவது வேலருக்கு இயல்பு: போர்ட் இருவரும் 'ஹோல்ட் வாட்டர்' என்று தண்டைத் தண்ணீரில் நிறுத்த, வலப்பக்க மூவர் வலிக்க, ஓட்டம் அதிகம் சாகாமல் திரும்பிவிடும். வலப்பக்கம் திரும்ப நேர்ந்தால் மூன்று தண்டுகள் நின்றுபோகும், வலிக்க இருவர்தான். படகு பாதி செத்துவிடும். அந்த மாதிரிப் பாதையில் ஸ்டார்போர்டில் ஒருவரை மட்டும் நிறுத்தச் சொல்லி, மற்ற இருவரைச் சும்மா விட்டு, அகலமாகச் சுற்றுகிற காக்ஸ்வைனே சூரன்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடல் தண்டுவலிப்பு, கடற்கரைப் பந்தயமாக முதன்முறையாக இடம்பெறுகிறது. மணலில் ஓடிப் படகில் ஏறி, மிதவைகளுக்கிடையே வளைந்து 250 மீட்டர் போய், நேராக 250 மீட்டர் திரும்பி, மறுபடி மணலில் ஓட வேண்டும். அங்கே ஒற்றையரும் கலப்பு இரட்டையரும்தான். ஆளுக்கு இரண்டு தண்டு என்பதால் நம் கோணல் கணக்கு அங்கே இல்லை.

அடுத்த முறை தூத்துக்குடியில் வேலர் பந்தயம் பார்க்க நேர்ந்தால் ஆட்களின் கையைப் பார்க்காதீர்கள். படகின் பின்னால் தண்ணீரைப் பாருங்கள். சுக்கானுக்குக் கீழே ஒரு பக்கமாக வெள்ளை நுரை சீறிக்கொண்டிருந்தால் அந்தப் படகு வேகத்தை இழந்துகொண்டிருக்கிறது. காதையும் கொடுங்கள்: ஐந்து தண்டுகளும் கவட்டைகளில் ஒரே 'டக்' என்று விழுந்தால் அது ஜெயிக்கிற படகு. 'டக்டக்' என்று இரண்டாகக் கேட்டால் தாமதிப்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஆள்தான்.